நேரம் பார்த்துச் சென்று பார்க்கும் முறை: இடைவெளியைக் கூட்டுவதும் உள்ளே போய்ச் சொல்வதும்

மெல்பன் நகரின் மேற்குப் புறநகர் ஒன்றில், கைக்குழந்தை வைத்திருக்கும் தமிழ்த் தாய்மார் சிலர் வாரம் ஒருமுறை கூடுகிறோம். குழந்தையைத் தானாகத் தூங்கப் பழக்கும் இந்த முறையை, என் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது நான் கையாண்டேன் என்பது தெரிந்ததிலிருந்து, புதிதாக வரும் ஒவ்வொருவரும் ஏறக்குறைய அதே ஐயங்களைக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட சொற்களிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மருத்துவர் அல்ல. குழந்தையின் எடையோ உடல்நிலையோ சார்ந்த எதையும் உங்கள் மருத்துவரிடமோ தாய்சேய் நல நர்ஸிடமோ கேட்டு முடிவு செய்யுங்கள்.

அக்கா, இந்த முறைன்னா சரியா என்ன? குழந்தையை அழவிட்டுட்டுக் கதவைச் சாத்திட்டு வர்றதா?

அல்ல. விழித்திருக்கும் நிலையிலேயே குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு வெளியே வருகிறீர்கள். அழுதால், முன்கூட்டியே வகுத்த நிமிடங்கள் கழிந்ததும் உள்ளே சென்று, ஓரிரு நிமிடம் இருந்து, அழுகை நிற்காவிட்டாலும் திரும்பி வருகிறீர்கள். அடுத்த முறை சற்றுக் கூடுதல் நேரம் கழித்துச் செல்கிறீர்கள். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் தூக்கக் கோளாறுகளைக் கவனித்த மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985இல் வெளியிட்ட நூலின் வழியாக இது பரவியது. ஆஸ்திரேலியாவில் இதையே சில மாற்றங்களோடு ‘கன்ட்ரோல்ட் கம்ஃபர்ட்டிங்’ என்கிறார்கள்.

இதன் அடிப்படை எளிமையானது. பெரியவர்களைப் போலவே குழந்தையும் இரவில் பலமுறை அரைகுறையாக விழிக்கிறது. தூங்கும்போது எந்தச் சூழலில் கண் மூடியதோ, அதே சூழல் விழிக்கும்போதும் இருந்தால், அது புரண்டு படுத்து மீண்டும் உறங்கிவிடும். மடியில் தூங்கிய குழந்தை கட்டிலில் விழித்தால், இருந்தது போய்விட்டது என்று அழுகிறது. ஆகவே நாம் மாற்ற முனைவது ஒன்றே ஒன்றைத்தான்: கண் மூடும் அந்தக் கடைசிச் சில நிமிடங்களில் குழந்தை எங்கே, எப்படி இருக்கிறது என்பதை. அதற்கு முன் நீங்கள் கொடுக்கும் பால், பாட்டு, மடி, முத்தம் எதையும் குறைக்க வேண்டியதில்லை.

எத்தனை மாசத்துல ஆரம்பிக்கலாம்?

ஆஸ்திரேலியாவில் பொதுவாக ஆறு மாதம் நிறைந்த பிறகுதான் பரிந்துரைக்கிறார்கள், நானும் அதையே சொல்வேன். அதற்கு முன் இரவுப் பசி உண்மையான பசியாகவே இருக்கும். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த தேதியிலிருந்து அல்லாமல், பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து மாதங்களைக் கணக்கிட வேண்டும். எடை சரியாக ஏறாத குழந்தை, எதுக்களிப்புத் தொல்லை உள்ள குழந்தை, அழும்போது மூச்சை அடக்கி நீலம் பாரிக்கும் குழந்தை ஆகியோருக்கு மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது. வீடு மாறிய வாரத்திலும், குழந்தையைச் சைல்ட்கேரில் புதிதாக விட்ட வாரத்திலும் தொடங்காதீர்கள்.

என் பையன் தூளியில ஆட்டினாத்தான் தூங்குவான். நேரா இதை ஆரம்பிச்சிடலாமா?

தூளியை வைத்துக்கொண்டு இந்த முறையைச் செய்ய முடியாது. ஆட்டம் நின்றதும் சூழல் மாறிவிடுகிறது என்பது ஒரு காரணம். வளைந்த துணிக்குள் குழந்தையை ஆள் பார்க்காமல் விட்டு வருவது ஆபத்து என்பது அதைவிடப் பெரிய காரணம். துணி முகத்தை மூடலாம், தவழும் வயதுக் குழந்தை எழ முயன்று சிக்கிக்கொள்ளலாம். இதற்குத் தேவை, கம்பி அடைத்த கட்டிலும் அதில் சமதளமான, உறுதியான மெத்தையும்தான். தலையணை, தளர்ந்த போர்வை, பொம்மை எதுவும் உள்ளே வேண்டாம். குழந்தையை மல்லாக்கப் படுக்க வையுங்கள். தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்தால் தவழும் குழந்தை கதவருகே வந்துவிடும், அப்போது இது தூக்கப் பழக்கமாக இராமல் துரத்திப் பிடிக்கும் விளையாட்டாகிவிடும்.

தூளியிலிருந்து கட்டிலுக்கு மாறும் அதே இரவில் தொடங்காமல், நான்கைந்து நாள் பகலில் கட்டிலுக்குள் விட்டு, அருகில் நீங்கள் அமர்ந்து விளையாட்டுக் காட்டுங்கள். அந்த இடம் புதிது என்ற பயம் தனி, ஆட்டுவோர் இல்லை என்ற கோபம் தனி. இரண்டும் ஒரே இரவில் சேர்ந்தால் எதற்கு அழுகிறான் என்றே உங்களுக்குத் தெரியாது.

எத்தனை மணிக்குப் படுக்க வைக்கணும்? இங்க எல்லாரும் ஏழு மணின்னு சொல்றாங்க.

இப்போது அவன் உண்மையில் எத்தனை மணிக்குத் தூங்குகிறானோ, அந்த மணிக்கு. நம் வீடுகளில் அப்பா வேலையிலிருந்து வந்து, எல்லோரும் சாப்பிட்டு, குழந்தை ஒன்பதரைக்குத் தூங்குவது வழக்கமாக இருக்கும். அந்தக் குழந்தையை முதல் நாளே ஏழு மணிக்குப் படுக்க வைத்தால், தூக்கமே வராத இரண்டரை மணி நேரத்தை அழுகையில் கழிக்கும். பழி முறையின் மீது விழும். முதலில் ஒன்பதரைக்கே தொடங்குங்கள். தானாகத் தூங்கக் கற்ற பிறகு, சில நாளுக்கு ஒருமுறை பதினைந்து நிமிடம் முன்னே நகர்த்தலாம். காலையில் எழுப்பும் நேரத்தை மட்டும் தொடக்கத்திலிருந்தே மாற்றாமல் வையுங்கள். இரவு சரியாகத் தூங்கவில்லையே என்று காலை ஒன்பது வரை விட்டுவிட்டால், அடுத்த இரவுக்கு வேண்டிய தூக்கக் களைப்பை அங்கேயே செலவழித்துவிடுகிறோம்.

சரி, எத்தனை நிமிஷம் விடணும்? ஒவ்வொரு நாளும் எப்படிக் கூட்டிக்கிட்டே போகணும்?

ஃபெர்பர் தம் நூலின் 2006ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பில் தந்த அட்டவணையை நான் பின்பற்றினேன். முதல் நாள் 3 நிமிடம் கழித்து முதல் முறையும், பிறகு 5 நிமிடம் கழித்தும், அதன் பின் 10 நிமிடம் கழித்தும் செல்ல வேண்டும். அதற்கு மேல் அன்று கூட்டுவதில்லை, தூங்கும் வரை 10 நிமிடமே தொடரும். இரண்டாம் நாள் 5, 10, 12. மூன்றாம் நாள் 10, 12, 15. நான்காம் நாள் 12, 15, 17. இப்படியே ஏறி, ஏழாம் நாள் 20, 25, 30 என்று முடியும். பெரும்பாலான குழந்தைகள் அந்த எண்களைத் தொடுவதற்குள் தூங்கப் பழகிவிடும் என்பதால், கடைசி வரிகளைப் பார்த்து இப்போதே கலங்க வேண்டாம்.

கவனித்தால் ஏற்றம் இரண்டு வகையாக இருப்பது தெரியும்: ஒரே இரவுக்குள் ஒரு ஏற்றம், ஒரு நாளிலிருந்து அடுத்த நாளுக்கு ஒரு ஏற்றம். ஒரே இரவுக்குள் கூட்டுவதால், ‘இன்னும் சற்று அழுதால் இன்னும் சீக்கிரம் வருவார்கள்’ என்ற கணக்கு குழந்தைக்குப் படியாமல் போகும். நாளுக்கு நாள் கூட்டாமல் ஏழு நாளும் 3 நிமிடத்திலேயே தொடங்கினால், மூன்று நிமிடம் அழுதால் அம்மா வருவாள் என்பதையே கற்றுக் கொடுத்திருப்போம். நடுஇரவில் விழிக்கும்போது, அந்த இரவின் முதல் எண்ணிலிருந்து மீண்டும் தொடங்க வேண்டும். மாலையில் விட்ட இடத்திலிருந்து அல்ல.

3 நிமிடம்கூடத் தாங்க முடியாது என்பவர்கள் ஆஸ்திரேலியாவில் சொல்லப்படும் 2, 4, 6, 8, 10 என்ற வரிசையைக் கையாளலாம். 1 நிமிடத்தில் தொடங்கியவர்களும் எங்கள் குழுவில் உண்டு. எந்த எண்ணில் தொடங்குகிறீர்கள் என்பதைவிட, தொடங்கிய பிறகு அது ஏறிக்கொண்டே போகிறதா என்பதே முக்கியம். தாங்க முடியாமல் பாதியில் தூக்கிவிடக்கூடிய 5 நிமிடத்தைவிட, உறுதியாக நிற்கக்கூடிய 2 நிமிடம் மேல்.

நிமிஷத்தை எப்போல இருந்து எண்ணணும்? நடுவுல அழுகை நின்னு நின்னு வருதே?

நீங்கள் அறையை விட்டு வெளியேறி, குழந்தை உரத்து அழத் தொடங்கும் கணத்திலிருந்து எண்ணுங்கள். மனக்கணக்கு வேண்டாம், அந்த நேரத்தில் ஒரு நிமிடம் ஐந்து நிமிடமாகத் தோன்றும். கைபேசியில் டைமர் வைத்து, ஒலியை அணைத்து, அதிர்வில் விடுங்கள்.

குறித்த நேரம் வந்தபோது அழுகை முனகலாக இறங்கியிருந்தால் உள்ளே போகாதீர்கள். இதுதான் பலர் தவறும் இடம். விட்டு விட்டு வரும் சிணுங்கல், ஒரே சுருதியில் இழுக்கும் ‘ம்ம்’ என்ற ஒலி, இடையில் பத்து நொடி அமைதி, மறுபடி ஒரு கத்தல் என்று வந்தால், குழந்தை தூக்கத்தின் வாசலில் நிற்கிறது என்று பொருள். அப்போது உள்ளே போய் முகம் காட்டினால் முழுக்க விழித்துக்கொள்ளும். முனகல் மீண்டும் உரத்த அழுகையானால், இடைவெளியைப் புதிதாகத் தொடங்குங்கள். இதற்கு மாறாக, வலியில் வரும் கூர்மையான அலறல், இருமல், மூச்சு இழுப்பது போன்ற ஒலி, திடீரென்று மாறிய குரல் ஆகியவை கேட்டால் டைமரைப் பார்க்காமல் உடனே போங்கள். உங்கள் குழந்தையின் அழுகையை உங்கள் காது பிரித்தறியும். படம் காட்டும் பேபி மானிட்டர் இருந்தால் கதவைத் திறக்காமலே பார்க்கலாம்.

உள்ள போனா என்ன சொல்லணும்? எனக்கு அங்க நின்னதும் வாயே வரமாட்டேங்குது, அழுகைதான் வருது.

அதனால்தான் சொல்ல வேண்டியதைப் பகலிலேயே முடிவு செய்து, மனப்பாடமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். நான் சொன்னது இவ்வளவுதான்: “அம்மா இங்கதான் இருக்கேன். இப்போ தூங்குற நேரம். தூங்கு செல்லம்.” ஒவ்வொரு முறையும் அதே மூன்று வாக்கியங்கள், அதே வரிசை, அதே குரல். எட்டு மாதக் குழந்தைக்குச் சொற்களின் பொருள் புரிகிறதோ இல்லையோ, குரலின் ஏற்ற இறக்கம் புரிகிறது. ஆகவே தாழ்ந்த குரலில், வாக்கியத்தின் முடிவில் இறங்கும்படியாகச் சொல்லுங்கள். அப்பா போனாலும் ‘அம்மா’ என்ற இடத்தில் ‘அப்பா’ என்பதைத் தவிர வேறெதையும் மாற்ற வேண்டாம்.

சொல்லக் கூடாதவற்றையும் விளக்க வேண்டும், ஏனெனில் அவை நம் வாயில் தாமாக வருபவை. “என்னடா ஆச்சு? என்ன வேணும் கண்ணுக்கு?” என்பது கேள்வி, கேள்வி உரையாடலைத் தொடங்குகிறது, அதற்குக் குழந்தை தெரிந்த ஒரே மொழியில் விடை சொல்லும். “அச்சச்சோ, அம்மா விட்டுட்டுப் போயிட்டேனா” என்பது, ஏதோ தீங்கு நடந்துவிட்டது என்பதை உங்கள் குரலாலேயே உறுதிப்படுத்துகிறது. “இதோ வந்துடறேன்” என்பது உண்மையல்ல. பத்து நிமிடம் வரப் போவதில்லை. “அழுதா அம்மா வரமாட்டேன்” என்ற மிரட்டலும், “பூச்சாண்டி வருவான்” என்பதும் தூங்கும் இடத்தை அச்சத்தோடு முடிச்சுப் போட்டுவிடும். தாலாட்டு படுக்க வைப்பதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் பாடலாம். இந்த ஓரிரு நிமிடத்தில் வேண்டாம், ஏனென்றால் பாட்டிலேயே கண் செருகினால் மடியின் இடத்தைப் பாட்டு பிடித்துக்கொள்ளும்.

உங்களுக்கு அழுகை வந்தால் அந்த முறை கணவரை அனுப்புங்கள். தொண்டை அடைத்த குரலில் சொல்வதைவிட வேறொருவர் அமைதியாகச் சொல்வது குழந்தைக்கு நல்லது.

தொடலாமா? தூக்கவே கூடாதா?

முதுகிலோ மார்பிலோ கையை வைத்து, அந்த மூன்று வாக்கியங்களைச் சொல்லும் வரை வைத்திருந்து, எடுத்துவிடலாம். மூடிய விழி திறக்காமல் தூங்கும் வரை தட்டிக்கொண்டிருக்கக் கூடாது; முதல் கேள்வியில் சொன்ன கடைசிச் சில நிமிடங்கள் என்பது இதுதான். தூக்குவது இந்த முறையில் இல்லை. தூக்கிச் சமாதானப்படுத்தி மீண்டும் கீழே விடும்போது, குழந்தை ஒரே பிரிவை இரண்டாம் முறையாக அனுபவிக்கிறது. விளக்கைப் போடாதீர்கள், நடைவழி விளக்கின் வெளிச்சம் கதவிடுக்கில் வந்தால் போதும்.

நான் உள்ள போனா அழுகை குறையறதுக்குப் பதிலா இன்னும் கூடுது. போகாமலே இருந்துடலாமா?

பெரும்பாலோர் எண்ணுவதுபோல் உள்ளே போவதன் நோக்கம் அழுகையை நிறுத்துவது அல்ல. அம்மா மறைந்துபோகவில்லை என்று குழந்தைக்குத் தெரியவும், குழந்தை நலமாக இருக்கிறது, கால் கம்பியில் மாட்டவில்லை, டயபர் நிறையவில்லை என்று உங்களுக்குத் தெரியவுமே போகிறோம். அழுகை கூடுவதை வைத்து அந்தச் சந்திப்பு தோற்றது என்று கணக்கிடாதீர்கள். வெளியேறும்போது சில நொடி உச்சத்துக்குப் போய், பிறகு சிறிது சிறிதாக இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஆனால் மூன்று இரவுக்குப் பிறகும் ஒவ்வொரு முறையும் முனகல் நிலையிலிருந்து முழு அலறலுக்கு நீங்களே ஏற்றிவிடுகிறீர்கள் என்று தெரிந்தால், தொடுவதை நிறுத்துங்கள். ஒரு நிமிடத்தை முப்பது நொடியாக்குங்கள். கட்டிலருகே போகாமல் கதவருகே நின்று சொல்லிவிட்டு வாருங்கள். எங்கள் குழுவில் ஒருவருடைய மகன் அம்மாவைக் கண்டால் மட்டும் கொதித்தெழுந்தான், அப்பா போனால் அடங்கினான். தாய்ப்பாலின் மணமும் எதிர்பார்ப்பும் அதற்குக் காரணமாக இருக்கலாம். அந்த வீட்டில் முதல் நான்கு இரவும் அப்பாவே போனார்.

உங்க பொண்ணுக்கு எப்படி நடந்துச்சு? நிமிஷக் கணக்கோட சொல்லுங்க அக்கா.

ஒரு பள்ளி நோட்டில் எழுதி வைத்திருந்ததால் சொல்ல முடிகிறது. அவளுக்கு எட்டு மாதம். பால் குடித்துக்கொண்டே மடியில் தூங்குவாள், இரவில் ஐந்தாறு முறை எழுவாள். பால் கொடுக்கும் நேரத்தை முன்னே தள்ளி, பால், குளியல், ஸ்லீப்பிங் பேக், இரண்டு பாட்டு, படுக்கை என்று வரிசையை மாற்றினோம். பாலுக்கும் படுக்கைக்கும் இடையே அரைமணி நேரம் இருந்தது.

முதல் இரவு 8:45க்குப் படுக்க வைத்தேன். 8:48க்கு உள்ளே போய் ஒரு நிமிடம் இருந்து வந்தேன். பிறகு 8:54, 9:05, 9:16. நான்காம் முறை வெளியே வந்த பிறகு 9:24க்கு அமைதி. மொத்தம் 39 நிமிடம். இரண்டாம் இரவு மோசமாக இருந்தது: 8:50, 9:01, 9:14, 9:27 என்று நான்கு முறை போய், 9:33க்குத்தான் தூங்கினாள், 48 நிமிடம். இங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள், நானும் நோட்டை மூடி வைத்துவிட எண்ணினேன். பழைய வழி பலிக்கவில்லை என்று தெரிந்ததும், விடுவதற்கு முன் குழந்தை அதை இன்னும் பலமாக ஒருமுறை முயன்று பார்க்கிறது. இது பலருக்கும் இரண்டாம் அல்லது மூன்றாம் இரவில் நேர்கிறது. மூன்றாம் இரவு 8:55க்கு ஒரே முறை போனேன், 9:04க்குத் தூங்கிவிட்டாள். நான்காம் இரவு 12 நிமிடம் ஆவதற்கு முன்பே 9 நிமிடத்தில் தூங்கினாள். போக வேண்டியே வரவில்லை.

நடுஇரவு விழிப்புகள் இதைவிட மெதுவாகவே குறைந்தன. ஆறாம் நாள் வரை இரண்டு முறை எழுந்தாள். விடியற்காலை ஐந்து மணி விழிப்பு கடைசியாகத்தான் போயிற்று. அந்த நேரத்தில் தூக்கக் களைப்பு பெரும்பகுதி தீர்ந்துவிடுவதால் மீண்டும் உறங்குவது குழந்தைக்குக் கடினம்.

நடு ராத்திரி பால் கேட்டு அழுதா? பசியா பழக்கமான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரவுப் பாலையும் மடியில் தூங்கும் பழக்கத்தையும் ஒரே இரவில் நிறுத்த முயலாதீர்கள். எட்டு மாதக் குழந்தைக்கு இரவில் ஒரு முறை பால் தேவைப்படலாம். தேவையா என்பதை எடையைப் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். தேவை என்றால் அதற்கு ஒரு நேரம் குறியுங்கள்: உதாரணமாக, ஒரு மணிக்குப் பிறகு வரும் முதல் விழிப்புக்குப் பால், மற்ற விழிப்புகளுக்கு இடைவெளிக் கணக்கு. பால் கொடுக்கும்போது இடைவெளி எண்ண வேண்டாம், உடனே கொடுங்கள். இருபது நிமிடம் அழவிட்டுப் பிறகு பால் கொடுத்தால், இருபது நிமிடம் அழுவதற்குக் கூலி கொடுத்ததாகும். குடித்து முடித்ததும் கண் முழுக்க மூடும் முன் கட்டிலில் விடுங்கள்.

வேண்டாத பாலைப் படிப்படியாகக் குறைக்கலாம்: தாய்ப்பால் என்றால் கொடுக்கும் நேரத்தை இரவுக்கு ஒரு நிமிடமாகவும், புட்டிப்பால் என்றால் அளவை இரவுக்குச் சிறிதாகவும். இரண்டு மடக்கு குடித்துக் கண் செருகினால் பழக்கம். முழு மூச்சில் குடித்து இரண்டாம் பக்கமும் தேடினால் பசி.

பிள்ளை அழுது அழுது சத்தி எடுத்துப்போட்டுது. இனி என்ன செய்யிறது அக்கா?

உடனே போய், துடைத்து, உடையையும் விரிப்பையும் மாற்றுங்கள். பக்கத்து நாற்காலியில் ஒரு மாற்று விரிப்பை முன்பே மடித்து வைத்திருந்தால் வேலை மூன்று நிமிடத்தில் முடியும். முகம் இயல்பாக இருக்கட்டும், பேச்சு குறைவாக இருக்கட்டும். மீண்டும் படுக்க வைத்து, அதே மூன்று வாக்கியங்களைச் சொல்லி, அந்த இரவின் முதல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். மடியில் எடுத்துத் தூங்க வைத்துவிட்டால், சில குழந்தைகள் மறுநாள் அதையே வழியாகக் கொள்ளும். ஆனால் இரண்டு இரவு தொடர்ந்து நேர்ந்தால் முறையை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். எதுக்களிப்போ காதுவலியோ இருக்கலாம்.

கம்பியைப் பிடிச்சு எழுந்து நிக்கிறா. உட்காரவும் தெரியலை. என்ன பண்றது?

ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரே ஒரு முறை படுக்க வையுங்கள். மறுபடி எழுந்தால் அப்படியே விட்டு வாருங்கள். பகலில் கட்டிலுக்குள்ளேயே நின்ற நிலையிலிருந்து முழங்காலை மடக்கி உட்காரப் பழக்குங்கள். நாலைந்து நாளில் வந்துவிடும்.

மாமியார் “அழவிட்டா தொப்புள் பிதுங்கிடும்”னு சொல்லி ரெண்டாவது நாளே தூக்கிட்டாங்க. எப்படிச் சொல்லிப் புரிய வைக்கிறது?

அவர் அச்சம் பொய்யான பாசம் அல்ல. கண்ணால் கண்டதைச் சொல்கிறார். தொப்புளைச் சுற்றியுள்ள தசை வளையம் பிறந்த பின் முழுதாக மூடாத குழந்தைகளுக்கு, அழும்போது வயிற்றில் அழுத்தம் கூடித் தொப்புள் வெளியே தெரிகிறது. அழுகை அதை உண்டாக்குவதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும். பிதுங்கிய இடம் கெட்டியாகி, நிறம் மாறி, தொட்டால் வலித்தால் மட்டும் உடனே மருத்துவமனை. இதை நர்ஸ் வீட்டுக்கு வரும்போது அவர் வாயால் மாமியாரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருமகள் சொல்வதைவிட எடுபடும்.

அதைவிட முக்கியமானது, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தூக்குவதன் விளைவு. எப்போதாவது பலிக்கும் அழுகையே மிக நீண்ட நாள் நீடிக்கும், ஏனெனில் இன்று பலிக்குமா என்று குழந்தை ஒவ்வொரு இரவும் முயன்று பார்த்தாக வேண்டியிருக்கிறது. ஆகவே வீட்டில் உள்ள எல்லோரும் ஒப்புக்கொள்ளும் வரை தொடங்காமல் இருப்பதே குழந்தைக்கு நீங்கள் செய்யும் நன்மை. அத்தைக்கு ஒரு பங்கு கொடுங்கள்: படுக்கைக்கு முன் எண்ணெய் தடவுவதும் பாட்டுப் பாடுவதும் அவருடையதாக இருக்கட்டும். அவரால் அழுகையைக் கேட்க முடியாவிட்டால், அந்த முக்கால் மணி நேரம் மாமாவோடு நடைப்பயிற்சிக்குப் போய் வரச் சொல்லுங்கள்.

இப்படி அழவிட்டா மூளை பாதிக்கும், அம்மா மேல இருக்கிற ஒட்டுதல் போயிடும்னு படிச்சேன். உண்மையா?

இதை நேரடியாகச் சோதித்த இரண்டு ஆய்வுகள் ஆஸ்திரேலியாவிலிருந்தே வந்தவை. மெல்பனில் 326 குழந்தைகளின் குடும்பங்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு இது போன்ற முறைகளைக் கற்றுக் கொடுத்து, குழந்தைகளுக்கு ஆறு வயதாகும் வரை தொடர்ந்த ஆய்வு 2012இல் வெளிவந்தது. மனநலம், மன அழுத்தம், பெற்றோர் உறவு எதிலும் தீங்கு காணப்படவில்லை. அடிலெய்டில் 6 முதல் 16 மாதம் வரையிலான 43 குழந்தைகளை வைத்து 2016இல் வெளிவந்த ஆய்விலும், ஓராண்டு கழித்துத் தாயோடுள்ள ஒட்டுதலில் வேறுபாடு தெரியவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். முதல் ஆய்வில் எல்லாப் பெற்றோரும் இதே முறையைக் கையாளவில்லை, மென்மையான வேறு முறையைத் தேர்ந்தவர்களும் இருந்தார்கள். இரண்டாவதில் எண்ணிக்கை சிறிது. நியூசிலாந்தில் 25 குழந்தைகளை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், அழுகை நின்ற பிறகும் மன அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் அளவு குறையவில்லை என்றார்கள். ஆனால் அங்கே இடையிடையே பெற்றோர் சென்று பார்க்கவில்லை, ஒப்பிட வேறு குழுவும் இல்லை. ஆறு மாதம் கடந்த, உடல்நலமுள்ள, பகலில் கொஞ்சி வளர்க்கப்படும் குழந்தைக்குச் சில இரவுகள் இதைச் செய்வதால் கேடு வருவதாக எனக்குத் தெரிந்த ஆதாரம் இல்லை. மனம் ஒப்பவில்லை என்றால் செய்யாமல் இருப்பதாலும் கேடில்லை. இரவில் விழிக்கும் குழந்தை நோயாளி அல்ல.

எங்களுக்கு ஒரே பெட்ரூம்தான். எல்லாரும் அதே ரூம்ல படுத்தா எப்படிச் செய்யறது?

மாலையில் குழந்தை தூங்கும் வரை நீங்கள் கூடத்தில் இருங்கள். அதுவரை எல்லாம் மேலே சொன்னபடியே. நடுஇரவுதான் சிக்கல். கட்டிலுக்கும் உங்கள் படுக்கைக்கும் இடையே ஒரு புடவையைத் திரையாகக் கட்டி, ஒருவரையொருவர் பார்க்க முடியாதபடி செய்யுங்கள். குழந்தையின் கைக்கு எட்டாத தொலைவில், அறையின் இரு சுவர்களிலும் இழுத்துக் கட்ட வேண்டும். அப்போது குறித்த நேரத்தில் எழுந்து போவதற்குப் பதில், படுத்த இடத்திலிருந்தே அந்த வாக்கியங்களைச் சொன்னால் போதும். வசதி இருந்தால் முதல் ஒரு வாரம் பெரியவர்கள் கூடத்தில் படுப்பது இன்னும் எளிது. பக்கத்து ஃப்ளாட்டில் இருப்பவரிடம் என்று தொடங்கப் போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நல்லா தூங்கிட்டு இருந்தா. காய்ச்சல் வந்து ஒரு வாரம் கூடவே படுக்க வெச்சேன். எல்லாம் போச்சா?

போகவில்லை. காய்ச்சலில் கூடவே இருந்தது சரிதான். அந்த நாள்களில் எந்த எண்ணும் வேண்டாம். உடல் தேறி இரண்டு நல்ல இரவுகள் கழிந்த பிறகு, முதல் நாள் வரிசையான 3, 5, 10இலிருந்து மீண்டும் தொடங்குங்கள். முதல் முறை ஆன நாள்களைவிடக் குறைவான நாள்களே பெரும்பாலும் ஆகும். ஊருக்குப் போய் ஒரு மாதம் பாட்டி மடியில் இருந்து திரும்பும்போதும் இதே வழிதான். நேர வித்தியாசம் சரியாக ஒரு வாரம் விட்டுத் தொடங்குங்கள்.

பகல் தூக்கத்துக்கும் இதே நிமிஷமா?

இரவுத் தூக்கம் சரியான பிறகு பகலுக்குப் போங்கள். எண்கள் அவையே, ஆனால் அரைமணி நேரம் ஆகியும் தூங்காமல் உரத்து அழுதால் அந்தத் தூக்கத்தை விட்டுவிட்டு எழுப்பிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் சொன்னபடியே செஞ்சேன். ஒரு நிமிஷம்கூடக் குறையலை. நான் எங்க தப்பு பண்றேன்?

ஏழு இரவின் குறிப்பையும் எடுத்து வைத்துக்கொண்டு நான்கு இடங்களைப் பாருங்கள். படுக்க வைத்த மணி, தூக்கம் வரும் மணிக்கு முன்பாக இருக்கிறதா? மாலை ஐந்து மணிக்கு மேல் பிரேமிலோ காரிலோ ஒரு குட்டித் தூக்கம் போகிறதா? படுக்க வைக்கும்போது உண்மையில் விழித்திருக்கிறதா, அல்லது பாலிலேயே பாதி தூங்கிவிட்டதா? நடுஇரவில் வீட்டில் யாராவது ஒருவர், ஒரே ஒரு முறை, தூக்கினாரா? எங்கள் குழுவில் பலருக்கு விடை நான்காவதில் இருந்தது. ஒரு வீட்டில் விடியற்காலை ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, அழுவதைக் கேட்டுத் தூக்கி வைத்துக்கொண்டு சோபாவில் தூங்கியிருக்கிறார், அதை யாரும் குறிப்பில் எழுதவில்லை.

நான்கும் சரியாக இருந்தும் மாற்றமில்லை என்றால் இரண்டாம் வாரத்துக்கு இழுக்காதீர்கள். குறட்டை, வாய் திறந்து தூங்குதல், இரவெல்லாம் நெளிதல், தோல் அரிப்பு இவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் அதையே முதலில் சொல்லுங்கள். எதுவும் இல்லை என்றால், பெற்றோர் கட்டிலருகே நாற்காலி போட்டு அமர்ந்து, சில நாளுக்கு ஒருமுறை நாற்காலியைக் கதவை நோக்கி நகர்த்தும் முறையை நர்ஸிடம் கேளுங்கள். இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆனால் பார்வையிலிருந்து அம்மா மறைவதையே தாங்காத குழந்தைகளுக்கு அது பொருந்துகிறது. விக்டோரியாவில் தாய்மாரையும் குழந்தையையும் சில இரவு தங்க வைத்து உடனிருந்து பழக்கும் மையங்கள் உண்டு. நர்ஸோ மருத்துவரோ அதற்குப் பரிந்துரைக்க முடியும். போகும்போது அந்த ஏழு இரவின் குறிப்பைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.